ஒரு கிழமை கழித்து வாசிக்கும்போது முதலில் எதைப் பார்ப்பது?

"ஒரு கிழமை கழித்துச் சிறுகதையை எடுத்தேன். வசனங்களையே திருத்திக்கொண்டிருக்கிறேன், கதை நகரவில்லை. முதலில் எதைப் பார்ப்பது?"

கதை உண்மையில் எந்தப் பந்தியில் தொடங்குகிறது என்று பாருங்கள். வசனம் கடைசி வேலை. வெட்டப்போகும் பந்தியை மெருகேற்றி என்ன பயன்?

முதல் வரைவில் நாம் கதைக்குள் இறங்கவே ஒரு பக்கம் போய்விடும். நீங்கள் கேள்வியோடு போட்ட கதையில் வெள்ளவத்தைக் கடற்கரை, காலி வீதி நெரிசல், 100 இலக்க பஸ் எல்லாம் வந்துபோன பிறகு, நாலாம் பந்தியில்தான் வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தர மறுக்கிறார்.

அச்செடுத்து, முதல் மூன்று பந்திகளையும் கையால் மறைத்துவிட்டு, பேனா இல்லாமல் வாசியுங்கள். விளங்காமல் போவது எது? கதாநாயகி ஏன் அன்றைக்கே வீடு மாற வேண்டும் என்பது மட்டும்தான் என்றால், அதை ஒரு வசனத்தில் உள்ளே சேர்த்தால் சரி.

ஆனால் பஸ்ஸில் மடித்து வைத்த பற்றுச்சீட்டு முடிவில் திரும்ப வருகிறது. அந்த வரியை வெட்டிவிடாதீர்கள்.