பாதம் 'டப்' என்று விழுவது ஏன்?

அப்பாவுக்கு வலது பாதம் தரையில் உரசுகிறது, 'டப் டப்' என்று அறைகிறது. நரம்பு அழுந்தியது முழங்காலிலா, முதுகிலா?

குதிகால் ஊன்றியதும் பாதத்தை மெல்ல இறக்குவது முன்காலின் தசை. அதன் நரம்பு செயலிழந்தால் பாதம் சட்டென்று விழும். அடுத்த எட்டில் விரல்நுனி உரசும். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்தும் எலும்பைச் சுற்றி, தோலுக்கு அடியிலேயே ஓடும் நரம்பு அது. நெடுநேரம் குந்தினாலோ, கால்மேல் கால் போட்டாலோ, மாவுக்கட்டு இறுகினாலோ நசுங்கிவிடும்.

பாதத்தைச் சற்றுக் கீழ்நோக்கி வைத்து, உள்பக்கம் திருப்பச் சொல்லிக் கையால் தடுத்துப் பாருங்கள். இந்த அசைவுக்கு நரம்பு வேறு. ஆனால் இரண்டு நரம்புக்கும் முக்கிய வேர், முதுகெலும்பிலிருந்து கிளம்பும் இடுப்பின் ஐந்தாம் நரம்புதான். பலம் குறையாவிட்டால் பெரும்பாலும் முழங்கால். அதுவும் தளர்ந்து, இடுப்பிலிருந்து வலியும் இறங்கினால் முதுகைத்தான் சந்தேகிப்பேன்.

சிறுநீர் வராமல் நின்றாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ உடனே அவசரச் சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள்.