கண்ணைப் பார்த்துப் பேசுகிற பெண் பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்காதா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பள்ளியில் நல்ல பெயர். வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போய் அழுகிறாள். ஆட்டிசமாக இருக்குமோ என்று கேட்டால், "கண்ணைப் பார்த்துப் பேசுகிறாளே, அதெல்லாம் இருக்காது" என்கிறார்கள். பெண்களுக்கு மட்டும் இது ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரியவருகிறது?

பதில்:

எனக்கு 31 வயதில்தான் தெரிந்தது. அதற்கு நான்கு வருடம் முன்பே ஒரு மருத்துவரிடம் போயிருந்தேன். ஒரு மணி நேரம் பேசிவிட்டு, உங்களிடம் சொன்ன அதே காரணத்தைத்தான் அவரும் சொன்னார். கண்ணைப் பார்க்கிறீர்கள், கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்கிறீர்கள், வேலைக்குப் போகிறீர்கள், கல்யாணமும் ஆகியிருக்கிறது, ஆட்டிசம் இல்லை, வெறும் பதற்றம்தான் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்த ஒரு மணி நேரமும் நான் அவர் கண்ணைப் பார்க்கவே இல்லை. நெற்றிப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் வகுப்பில் ஒரு டீச்சர், "பெரியவங்க பேசும்போது மூஞ்சியப் பாரு" என்று எல்லார் முன்னாலும் அதட்டியதிலிருந்து வந்த பழக்கம் அது. பொட்டைப் பார்த்தால் எதிரில் இருப்பவருக்குக் கண்ணைப் பார்ப்பது போலவே தெரியும். பொட்டு வைக்காதவர் என்றால் இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஓர் இடம். கண்ணாடி போட்டவர் என்றால் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன வளைவு. மூன்று எண்ணும்வரை பார்ப்பேன், பிறகு என் கையை ஒரு தரம், மறுபடி மேலே. இந்த எண்ணிக்கை மனதுக்குள் ஓடும்போதே அவர் சொல்வதையும் காதில் வாங்கி, பதிலையும் தயார் செய்ய வேண்டும். ஒரு மணி நேரம் முடிந்து வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிடுவேன். அவர் குறிப்பில் பதிவானது "கண் தொடர்பு நன்று" என்பது மட்டும்தான்.

மாஸ்கிங் என்பது இதுதான். மற்றவர்களுக்குத் தானாக வருகிற ஒன்றை, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு முறையும் யோசித்துச் செய்வது. 2017இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள 92 பெரியவர்களிடம் கேட்டு ஓர் ஆய்வு எழுதினார்கள். அதை வைத்துப் பிறகு தயாரித்த கேள்வித்தாளில் இதை மூன்றாகப் பிரித்தார்கள். வராததை வேறு வழியில் ஈடுகட்டுவது, இருப்பதை மறைப்பது, கூட்டத்தில் ஒருத்தியாகத் தெரியப் பாடுபடுவது. படித்தபோது எனக்கு என் பழைய ரஃப் நோட்டுதான் ஞாபகம் வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் தோழி வீட்டுக்கு போன் செய்தால் என்ன பேசுவது என்று எழுதி வைத்திருப்பேன். அம்மா எடுத்தால் ஒரு பதில், அண்ணன் எடுத்தால் ஒரு பதில், அவள் இல்லை என்றால் ஒரு பதில். யாராவது "நல்லா இருக்கியா, பரீட்சை எப்படி எழுதினே?" என்று நான் எழுதாத கேள்வியைக் கேட்டுவிட்டால் போனை வைத்துவிடுவேன். அது ஈடுகட்டுவது. கை உதறத் தோன்றும்போது தாவணி முந்தியை முறுக்கிக்கொண்டு நிற்பேன். அது மறைப்பது. கூட்டத்தில் கலப்பதற்கு வகுப்பில் எல்லாருக்கும் பிடித்த ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, அவள் சிரிப்பு, தலை சாய்ப்பது, கையெழுத்துகூட அப்படியே எடுத்துக்கொண்டேன். அவள் வேறு பள்ளிக்குப் போன வருடம் எப்படிச் சிரிப்பது என்றே எனக்குத் தெரியாமல் போனது.

சரி, இதில் பெண் பிள்ளைகள் ஏன் அதிகம் தப்பிப் போகிறார்கள்? பையன்களும் மாஸ்கிங் செய்கிறார்கள். ஆனால் நம் வீடுகளில் பெண் பிள்ளைக்கு அந்தப் பயிற்சியை மூன்று வயதிலேயே ஆரம்பித்துவிடுகிறோம். வந்தவங்களை வாங்கன்னு கேளு, சிரிச்ச முகமா இரு, காலை ஆட்டாதே, எதிர்த்துப் பேசாதே. ஒரு பையன் சொந்தக்காரர்கள் வந்ததும் மாடிக்கு ஓடினால் என்னவென்று கேட்பார்கள். பெண் வாயே திறக்காமல் நின்றால் "அடக்கமான பொண்ணு" என்பார்கள். என் விஷயத்தில் அந்தப் பாராட்டுதான் பெரிய திரையாக இருந்தது.

பள்ளி மைதானத்திலும் இதே கதைதான். அமெரிக்காவில் ஆரம்பப் பள்ளிகளில் இடைவேளையின்போது பிள்ளைகளைக் கவனித்து 2017இல் ஓர் ஆய்வு வந்தது. ஆட்டிசம் உள்ள பையன்கள் பெரும்பாலும் தனியாக இருந்தார்கள், பார்த்ததும் தெரிந்தது. பெண் பிள்ளைகளோ மற்றப் பெண்களின் பக்கத்திலேயே, ஒரு கூட்டத்துக்குள் நுழைந்து வெளியே வந்துகொண்டு இருந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் ஆசிரியருக்கு அவள் விளையாடுவதாகத்தான் தெரியும். நான் ஸ்கிப்பிங் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துச் சுற்றுகிறவளாக மூன்று வருடம் இருந்தேன். எல்லாருக்கும் நான் தேவைப்பட்டேன், யாரும் என்னிடம் பேச வேண்டியிருக்கவில்லை.

இதற்குப் பின்னால் வரலாறும் இருக்கிறது. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் பற்றி எழுதியபோது விவரித்த 11 குழந்தைகளில் 8 பேர் பையன்கள். 1944இல் ஆஸ்திரியாவின் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் தன் கட்டுரையில் விரிவாக எழுதிய நால்வரும் பையன்கள். அதற்கும் முன்பே, 1920களில், மாஸ்கோவில் சுகரேவா என்ற பெண் மருத்துவர் பெண் பிள்ளைகளைப் பற்றியும் எழுதியிருந்தார். அது வெகுகாலம் கவனிக்கப்படவில்லை. பையன்களைப் பார்த்து எழுதிய அடையாளங்களை வைத்துக் கேள்வித்தாள் தயாரித்தால், அதில் பையன்கள்தான் அதிகம் மாட்டுவார்கள். அதைப் பார்த்து "இது பையன்களுக்கு வருவது" என்பார்கள், அப்புறம் பெண் பிள்ளையை யாரும் அனுப்பவே மாட்டார்கள். நம் நாட்டில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் பயன்படும் ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற ஆட்டிசம் அளவுகோலில் 40 கேள்விகள், 70 மதிப்பெண்ணிலிருந்துதான் ஆட்டிசம் என்று கணக்கு. அதில் பல கேள்விகள் கண் தொடர்பு, சிரிப்பு, பேச்சு என்று வெளியே தெரிவதைப் பற்றியவை. பேச்சும் படிப்பும் நன்றாக உள்ள, மறைக்கப் பழகிய பெண் அதில் 70ஐத் தொடாமலே போகலாம். அதனால் "டெஸ்டில் வரவில்லை" என்பதோடு விஷயம் முடிந்துவிடாது.

இன்னொன்று, ஈடுபாடு. ரயில் நேரங்களை மனப்பாடமாகச் சொல்லும் பையன் கண்ணில் படுவான். எனக்கு இருந்தது புள்ளிக் கோலம். 15 புள்ளி வைத்து 8 வரை வருகிற இடைப்புள்ளிக் கோலங்கள் மட்டும் நான்கு நோட்டு நிறைய. சாப்பாடு தண்ணீர் நினைவிருக்காது. வாசலில் போட்டதை யாராவது மிதித்து ஒரு புள்ளி அழிந்தால் அன்று முழுக்க என்னால் பேச முடியாது. வீட்டில் எல்லாரும் "கை வேலைக்காரி" என்றார்கள். பெண் செய்ய வேண்டியதைத்தானே செய்கிறாள் என்று விட்டுவிட்டார்கள். உங்கள் மகளுக்குப் பிடித்தது ஒரு நடிகராகவோ, மெஹந்தியாகவோ, பூனையாகவோ இருக்கலாம். எதைப் பிடிக்கிறது என்பதைவிட எவ்வளவு பிடிக்கிறது, நடுவில் நிறுத்தினால் என்ன ஆகிறது என்று பாருங்கள்.

மாஸ்கிங் எப்போது உடைகிறது? தாங்கும் அளவைவிடச் சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பு கூடும்போது. மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும், 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்கக் கையேட்டிலேயே இது இருக்கிறது. அறிகுறிகள் சிறு வயதிலேயே இருக்க வேண்டும், ஆனால் எதிர்பார்ப்பு கூடும்வரை முழுதாக வெளியே தெரியாமல் இருக்கலாம், கற்றுக்கொண்ட வழிகளால் மறைந்தும் இருக்கலாம் என்கிறது. நிறையப் பெண்களுக்கு அது உங்கள் மகளின் வயது. தோழிகளின் பேச்சு விளையாட்டிலிருந்து ஜாடைக்கும் ரகசியத்துக்கும் மாறுகிற சமயம். எனக்கு அது கல்யாணம். கூட்டுக் குடும்பத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஓர் அறை இல்லை. கல்யாணமாகி ஏழாவது மாதம் ஒரு நாள், மாமியார் "காபி வேணுமாம்மா?" என்று கேட்டார். பதில் தெரிகிறது, வாய் வரவில்லை. இரண்டு நாள் அப்படியே இருந்தேன். அதன் பிறகுதான் அந்த முதல் மருத்துவர்.

இரண்டாவது முறை போன இடத்தில் ஒரே நாளில் முடிக்கவில்லை, மூன்று தடவை வரச் சொன்னார்கள். ஒரு நாள் முழுக்க அம்மாவிடம் என் நான்கு வயதைப் பற்றிக் கேட்டார்கள். கிரைண்டர் போட்டால் தெருமுனைவரை ஓடுவேன், ஒரே பாவாடையைத்தான் கட்டுவேன் என்பதெல்லாம் அம்மாவுக்கு அப்போதுதான் ஒன்றாக ஞாபகம் வந்தது. என்னிடம் கேட்டதும் வேறு மாதிரி. "உங்களுக்குப் பேசத் தெரியுமா?" என்று கேட்கவில்லை. "எதிரில் இருப்பவர் முடித்துவிட்டார், இப்போது நான் பேசலாம் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். நிறுத்தியதும் மனதுக்குள் இரண்டு எண்ணுவேன் என்றேன். பக்கத்திலிருந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கே அன்றுதான் தெரியும்.

உங்கள் மகளிடமும் இப்படிக் கேட்டுப் பாருங்கள். "ஸ்கூல்ல பிரெண்ட்ஸ் இருக்காங்களா?" என்றால் ஆமாம் என்பாள். "மதியம் யார் பக்கத்துல உட்காரணும்னு எப்படி முடிவு பண்ணுவ?" என்று கேளுங்கள். இரண்டு வாரம், பள்ளி விட்டு வந்த முதல் ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று தேதி போட்டு எழுதுங்கள். சனி, ஞாயிறும் தனியாக எழுதுங்கள். அழுகை எந்த நாளில் வருகிறது என்பது மருத்துவருக்கு உபயோகப்படும். பள்ளியிலிருந்து வருகிற நல்ல சான்றிதழோடு இந்தக் காகிதமும் அவர் மேஜையில் இருக்க வேண்டும்.

வீட்டில் அழுகிற அமைதியான பெண் எல்லாருக்கும் ஆட்டிசம் என்று சொல்ல மாட்டேன். யாராவது கிண்டல் செய்கிறார்களா, வேறு தொந்தரவு ஏதும் உண்டா என்று முதலில் பாருங்கள். கூச்சத்தால் வருகிற பதற்றமாகவும் இருக்கலாம். அப்படியானால் என்ன பேச வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், தப்பாகிவிடுமோ என்ற பயம்தான் தடுக்கும். நெருங்கியவர்களிடம் பெரும்பாலும் இயல்பாக இருப்பாள், சின்ன வயதில் சத்தம், துணி, சாப்பாடு, பழக்கம் மாறுவது பற்றியெல்லாம் பெரிதாக எதுவும் இருந்திருக்காது. இரண்டும் சேர்ந்தும் வரும் என்பதால் நீங்களே முடிவு செய்யாதீர்கள். பெண் பிள்ளைகளையும் வயது வந்த பெண்களையும் மதிப்பிட்டுப் பழக்கம் உண்டா என்று போகும் இடத்தில் முன்கூட்டியே கேளுங்கள். இந்த மறைப்புக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவள் எப்போதாவது அப்படி ஒரு வார்த்தை சொன்னால் இந்த இரண்டு வாரமெல்லாம் வேண்டாம், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

அதுவரை, பள்ளி விட்டு வந்ததும் "இன்னிக்கு என்ன நடந்தது?" என்று கேட்காதீர்கள். தட்டில் ஏதாவது வைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்ள விடுங்கள். இரண்டாவதாகப் போன அந்த இடத்தில், மூன்றாவது தடவை போனபோது என்னிடம், "எங்கே வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டு பேசுங்கள்" என்றார்கள். ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு நாற்பது நிமிடம் பேசினேன். அன்று வீட்டுக்கு வந்து நானே காபி போட்டுக் குடித்தேன்.