யார் மனம் நோகக் கூடாது?

"நான் பட்டர்வொர்த்தில் தாதியாக இருக்கிறேன். வெளிநாட்டு வேலைக்காக ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறேன். 40 நிமிடக் கட்டுரையை என்னால் முடிக்கவே முடியவில்லை. போன வாரம், வயதான பெற்றோரைப் பிள்ளைகள்தான் பார்க்க வேண்டும் என்பதற்கு எந்த அளவுக்கு உடன்படுகிறீர்கள் என்று கேள்வி. யார் மனமும் நோகாமல் இரண்டு பக்கமும் எழுதி, கடைசிப் பத்தியில் என் கருத்தைச் சொன்னேன். தெளிவே இல்லை என்கிறார் ஆசிரியர். வேகமாக எழுத வழி சொல்லுங்கள்."

வேகம் இருக்கட்டும். 'யார் மனமும் நோகாமல்' என்றீர்களே, உங்கள் நேரமெல்லாம் அங்கேதான் போகிறது. தாளைத் திருத்துகிறவர் உங்கள் நாத்தனாரா, அண்ணியா? கேட்டது உங்கள் கருத்தை. அதைக் கடைசிப் பத்திவரை ஒளித்து வைத்தால், நடுவில் இருக்கும் இரண்டு பத்திகளும் எதற்காக நிற்கின்றன என்று அவருக்கு எப்படித் தெரியும்? எழுதுகிற உங்களுக்கே தெரியாததால்தான் பேனா நின்று நின்று போகிறது.

பெற்றவர்களைப் பிள்ளைகள்தான் பார்க்க வேண்டும். இது என் கட்சி, இதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. நீங்கள் எதிர்க்கட்சி என்றாலும் ஒரு மதிப்பெண்ணும் குறையாது. கட்சியே இல்லையென்றால் குறையும்.

என் கட்சியையே எடுத்துக்கொள்வோம். முதல் ஐந்து நிமிடம் கட்டுரையைத் தொடாதீர்கள். ஓரத்தில் ஒரே வரி எழுதுங்கள்: 'பார்ப்பது பிள்ளைகள் கடமை, அரசு அதற்குத் துணை நிற்க வேண்டும்.' முன்னுரை இரண்டு மூன்று வாக்கியம் போதும். கேள்வியை உங்கள் சொல்லில் சொல்லி, அந்த வரியோடு முடியுங்கள்.

இரண்டாம் பத்தியில் ஒரே காரணம்: கூட இருக்கிறவருக்குத்தான் மாற்றம் தெரியும். சர்க்கரை நோயுள்ள அப்பா மதியம் சாப்பிடாமலே இன்சுலின் போட்டுக்கொள்கிறார் என்பதை மகள் அன்றைக்கே கவனிப்பாள். தாதியான உங்களுக்கு இந்த உதாரணத்தை நான் சொல்லித்தர வேண்டுமா? அதை விரித்து எழுதினாலே 90 சொல் வந்துவிடும். இன்னொரு காரணத்தைத் திணிக்காதீர்கள்.

மூன்றாம் பத்தியில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். பகலில் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் யார் பார்ப்பது என்ற எதிர்வாதம் நியாயமானது, எழுதுங்கள். ஆனால் அங்கேயே விட்டால் கட்சி மாறியதாகிவிடும். அரசு பகல்நேரப் பராமரிப்பு மையம் நடத்தினால், மாலையில் அப்பா வீட்டுக்குத்தானே வருவார் என்று உங்கள் வரிக்கே திரும்புங்கள். இந்த இரண்டு பத்திக்கும் ஆளுக்கு 12 நிமிடம் கொடுங்கள்.

முடிவுரை இரண்டு வாக்கியம், புதுக் காரணம் வேண்டாம். முன்னுரையும் முடிவுரையும் சேர்ந்து ஏழு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. மொத்தம் 250 சொல்லுக்குக் குறையாமல், மீதி நான்கு நிமிடத்தில் பிழை பாருங்கள்.

அப்புறம், முன்னுரையின் கடைசி வாக்கியத்தையும் மற்ற மூன்று பத்திகளின் முதல் வாக்கியங்களையும் மட்டும் வரிசையாகப் படியுங்கள். நான்கும் ஒரே ஆள் பேசுவதுபோல் இல்லையென்றால், மூன்றாவதைத் திருத்துங்கள்.