முறுக்கு பாக்கெட்டுக்கு என்ன விலை? கேள்வி பதில்

அக்கா, 200 கிராம் முறுக்கு பாக்கெட் 80 ரூபாய்க்கு ஆப்பில் விற்கிறேன். இரண்டு கிலோ மாவுக்குப் பொருள் 340, கேஸ் 20 ஆகிறது, அதைப் பன்னிரண்டு பாக்கெட்டால் வகுத்துக் கணக்குப் போட்டேன். மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. எங்கே தப்பு?

இரண்டு கிலோ மாவுக்கு எண்ணெய், வெண்ணெய், எள் எல்லாம் சேர்த்து 340 ரூபாய் என்று எழுதியிருந்தீர்கள். அது சரி. கேஸுக்கு 20 என்பது உத்தேசம். அடுப்பைப் பற்றவைக்கும் முன் சிலிண்டரை எடை போட்டு, வேலை முடிந்ததும் மறுபடி எடை போடுங்கள். எனக்கு இதே அளவுக்கு அரை கிலோ குறைந்தது. கிலோ 100 ரூபாய் என்றால் 50.

ஆக 390. பன்னிரண்டு பாக்கெட் என்று வகுத்திருக்கிறீர்கள். உடைந்ததும் தீய்ந்ததும் போக பத்துதானே விற்கிறது? அப்போது ஒன்றுக்கு 39. கவரும் லேபிளும் 6. நாலு மணி நேர வேலைக்கு 300 வைத்தால் 30. மொத்தம் 75. நேரில் விற்றால் 80 போதும். ஆப் 25 சதவீதம் எடுத்தால் உங்களுக்கு வருவது 60.

அப்போ 75 மேல 25 சதவீதம் சேர்த்து 94 வச்சா சரியா போச்சுல்ல?

இல்லை. கமிஷன் விற்பனை விலையில் பிடிப்பது. 94-இல் 23.50 போய் 70.50 தான் மிஞ்சும். 75-ஐ 0.75-ஆல் வகுங்கள், 100 வரும்.

கமிஷன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் பிடிக்கிறார்களே, மேடம்?

ஆமாம், அதை விட்டுவிட்டேன், நன்றி. 25 என்பது 29.5 ஆகிறது. 100 ரூபாயில் 70.50 தான் கைக்கு வரும். 75-ஐ 0.705-ஆல் வகுத்தால் 106 சொச்சம். 107 வையுங்கள்.

வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்வதுதானே, அதற்குக் கூலி எதற்கு? விலை ஏறினால் யார் வாங்குவார்கள்?

உங்களுக்குக் காய்ச்சல் வந்து, பிழிய ஒருவரைக் கூப்பிட்டால் அவருக்கு எதிலிருந்து கொடுப்பீர்கள்?

நான் பத்து வருஷமாகக் கூலி போடாமல்தான் விற்கிறேன். கடன் இல்லை.

உங்கள் தெருவில் அது நடக்கிறது என்றால் மறுக்கவில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் அந்த விலையைப் பார்த்து விலை வைத்தால் அவருக்குத் தாங்காது. இதில் நான் மாற மாட்டேன்.

நானே ஸ்கூட்டியில் கொடுக்கிறேன். டெலிவரி செலவே இல்லை.

பெட்ரோல் இருக்கிறதே! ஒரு நடைக்கு 20 ரூபாய் என்றால், ஒரே பாக்கெட் கொண்டுபோனால் அதன் தலையில் 20. ஐந்து கொண்டுபோனால் 4. ஒரு பகுதிக்கு ஒரு நாள் என்று ஆர்டரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு சிலிண்டரில் செய்தால் கேஸ் செலவு குறையுமே?

வணிகத்துக்கு அதை எரிக்க அனுமதி இல்லை. வணிக சிலிண்டர் விலையில்தான் கணக்குப் போட வேண்டும்.

முறுக்கு கிலோ என்ன விலை வைக்கலாம்?

மேலே முதல் பதிலைப் படியுங்கள். சிலிண்டரை எடை போட்டீர்களா? எடை போட்ட பிறகு உங்கள் எண்களோடு வாருங்கள்.