நடன ஒத்திகைக்கு மேடையையும் டீச்சர்மாரையும் பொருத்துவது

கேள்வி: திருகோணமலையில் எங்கள் பாடசாலையின் ஆண்டு விழாவுக்கு ஆறு நடனங்கள். டீச்சர்மார் இரண்டு பேர், ஒருவர் வெளியிலிருந்து வருபவர். மண்டபம் ஒன்றுதான். யாரும் மோதிக்கொள்ளாமல் ஒத்திகை நேரத்தை எப்படிப் பிரிப்பது?

பதில்:

மேடை காலியாக உள்ள நேரங்களை எழுதி, கேட்ட வரிசையில் கொடுத்துக்கொண்டு போகாதீர்கள். பெரும்பாலான இடங்களில் சிக்கல் தொடங்குவது அங்கேதான். வெளியிலிருந்து வரும் டீச்சரும் மேடையும் ஒன்றாகக் கிடைக்கும் நேரம் எது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அதுதான் உங்களிடம் மிகக் குறைவாக இருப்பது. அதை அவருடைய நடனங்களுக்குப் பூட்டிவிட்டால், மற்றவை மீதி இடத்தில் தானாக அமர்ந்துவிடும்.

எங்கள் பாடசாலையில் இந்தப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. உங்களுடையதைப் போலவே ஆறு நடனம், இரண்டு டீச்சர். அதையே சொல்கிறேன். வரவேற்பு நடனம், தரம் 8 இன் கரகம், தரம் 9 முதல் 11 வரையுள்ள பிள்ளைகளின் 18 நிமிட நாட்டிய நாடகம் ஆகிய மூன்றும் வெளி டீச்சருடையவை. தரம் 3 இன் கும்மி, தரம் 6 இன் கோலாட்டம், தரம் 7 இன் மீனவர் நடனம் பாடசாலை டீச்சருடையவை. பாடசாலை 1.30க்கு விடும். பிள்ளைகள் சாப்பிட்டு முடிய 2 மணி. திங்கள், செவ்வாய், வியாழன் மூன்று நாளும் 2 முதல் 4 வரையும், சனி காலை முழுவதும் மண்டபம் கிடைக்கும். புதன் பிற்பகலில் கூட்டம், வெள்ளியில் இசைக்குழு.

வெளி டீச்சர் செவ்வாயும் வியாழனும் கிண்ணியாப் பக்கப் பாடசாலையை முடித்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். 2.30க்கு வந்துவிடுவேன் என்பார். நான் 2.45 என்றே எழுதுவேன், பஸ் பிந்தினால் பிள்ளைகள் மேடையில் சும்மா நிற்கக்கூடாது. ஆகவே அந்த இரண்டு நாளிலும் 2.45 முதல் 4 வரை அவருக்கு. 35 நிமிடத்துக்கு இரண்டு துண்டு, நடுவில் மாறிக்கொள்ள ஐந்து நிமிடம். ஒன்றில் வரவேற்பு நடனம், மற்றதில் கரகம். நாட்டிய நாடகத்துக்கு 35 நிமிடம் காணாது, இரண்டு முறை ஓடினாலே அது முடிந்துவிடும். ஆகவே அது சனிக்கிழமைக்குப் போனது. அந்த டீச்சரின் சொந்த வகுப்பு பத்து மணிக்கு முடியும், தரம் 11 பிள்ளைகளின் டியூசன் 10.30க்கு முடியும். எனவே 10.30 முதல் 12 வரை நாடகம். இவ்வளவையும் எழுதிய பிறகுதான் பாடசாலை டீச்சரிடம் தாளைக் கொடுத்தேன். அவர் எப்போதும் அங்கே இருப்பவர், அவரால் வளைந்து கொடுக்க முடியும்.

35 நிமிடம் ஏன் என்று கேட்கலாம். ஆறு நிமிட நடனம் ஒன்றுக்கு, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் மட்டும் பார்க்க ஏழெட்டு நிமிடம், முழுதாக இரண்டு ஓட்டம், இடையில் திருத்தப் பத்து நிமிடம். மூன்றாவது முழு ஓட்டத்தைத் திணித்தால் பிள்ளைகள் களைத்து, நன்றாக வந்துகொண்டிருந்த வரிசையும் குலையும். மேடையில் பார்க்க வேண்டியது இடைவெளி, வரிசை, எந்தப் பக்கத்தால் வருவது, எந்தப் பக்கத்தால் போவது என்பவைதான். அடவைச் சொல்லிக்கொடுக்க மேடை நேரம் போகக்கூடாது. டீச்சர் முன்னால் நின்று தாளத்தைக் கத்தி எண்ணுகிறார் என்றால் அந்த நடனம் இன்னும் மேடைக்குத் தயாராகவில்லை என்று பொருள். அதை வகுப்பறைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்த நேரத்தைத் தயாரான குழுவுக்குக் கொடுங்கள். டீச்சருக்குக் கொஞ்சம் மனம் நோகும், ஆனாலும் செய்யத்தான் வேண்டும்.

அடுத்தது, நேரசூசியில் யாருடைய கண்ணிலும் படாத மோதல். எங்களில் தரம் 8 பிள்ளை ஒருத்தி கரகத்திலும் ஆடினாள், ஆள் போதாமல் மீனவர் நடனத்திலும் ஆடினாள். செவ்வாய் 3.25க்குக் கரகம் மேடையில். அதே நேரத்தில் பாடசாலை டீச்சர் மீனவர் நடனத்தை வகுப்பறையில் பழக்குவதாக இருந்தார். மேடை ஒன்றுதான் என்பதால் மேடைத் தாளில் மோதல் எதுவும் இல்லை, ஆனால் பிள்ளை ஒருத்திதான். ஆகவே வகுப்பறைப் பயிற்சியையும் அதே தாளில் எழுத வேண்டும். இரண்டு நடனத்தில் இருக்கும் பிள்ளைகளின் பெயரை முதலிலேயே தனியாக எழுதி வைத்து, புதிதாக ஒரு நேரம் எழுதும்போதெல்லாம் அந்தப் பட்டியலைப் பாருங்கள். நான் கோலாட்டத்தையும் மீனவர் நடனத்தையும் இடம் மாற்றினேன். கோலாட்டப் பிள்ளைகள் யாரும் வேறு நடனத்தில் இல்லை, எனவே எந்த நேரத்திலும் அவர்களை வைக்கலாம்.

இதே பட்டியல் விழா நிகழ்ச்சி வரிசைக்கும் உதவும். மீனவர் நடனம் முடிந்து கரகத்துக்கு உடை மாற்ற நேரம் வேண்டும் அல்லவா? அதனால் கும்மியையும் கோலாட்டத்தையும் இடையில் வைத்தேன். அங்கேயே பரிசளிப்பின் ஒரு பகுதியையும் வைத்தால் இன்னும் நிம்மதி.

தரம் 3 பிள்ளைகளைப் பிற்பகலில் வைக்க முயல வேண்டாம். வான் 1.30க்குப் புறப்பட்டுவிடும், அப்புறம் அம்மாமார் தனியாக ஓட்டோ பிடித்து வர வேண்டும். புதன் காலை அழகியல் பாடவேளை ஒன்றை வகுப்பாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். கூட்டம் பிற்பகலில்தான், காலையில் மண்டபம் காலி. நாலு நிமிடக் கும்மிக்கு 40 நிமிடப் பாடவேளை போதும்.

மேடை கிடைக்காத நாளுக்கு மேடையின் நீள அகலத்தை அளந்து, நெட்போல் திடலில் சோக்கால் அதே அளவில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு மணி வெயிலில் சீமெந்துத் தரையில் பிள்ளைகளை வெறுங்காலுடன் நிறுத்தாதீர்கள், உள்ளங்கால் பொசுங்கிவிடும். மரநிழல் விழும் நேரமோ, காலையில் மணி அடிக்கும் முன்போ வைக்கலாம்.

திங்கள் 3.20 முதல் 4 வரை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. டீச்சருக்குக் காய்ச்சல், மின்வெட்டு என்று ஏதாவது வந்தால் இழந்த நேரத்தை அங்கே ஈடுசெய்யலாம். விழா கார்த்திகை, மார்கழியில் வந்தால் இப்படி இரண்டு இடம் வையுங்கள். அந்த மழையில் தகரக் கூரையின் கீழ் பாட்டுக் கேட்காது, கேட்காத பாட்டுக்கு ஆடிப் பழகினால் தாளம் பிழைத்துவிடும். போயா நாளையும் பரீட்சைக்கு மண்டபம் போகும் நாள்களையும் தாளில் முதலிலேயே சிவப்பால் அடித்துவிடுங்கள். தவணைப் பரீட்சை எப்போது என்று பிரதி அதிபரிடம் வாயால் கேட்பதோடு நிற்காமல், எழுதி வாங்குங்கள்.

தாளில் எழுதுவது ஒருவர் மட்டும். ஞாயிறு இரவு வட்சப் குழுவில் போட்டால், அந்தக் கிழமைக்கு அதுதான் முடிவு. மாற்ற வேண்டுமென்றால் டீச்சர்மார் தங்களுக்குள் பேசி மாற்றாமல் அந்த ஒருவரிடமே சொல்ல வேண்டும். கரகத்தில் இருக்கும் அந்தப் பிள்ளையின் விஷயம் அவருக்குத்தான் தெரியும்.

விழாவுக்கு முந்தைய சனிக்கிழமை தனித்தனி நேரம் எதுவும் வேண்டாம். ஆறையும் நிகழ்ச்சி வரிசையிலேயே, உடையோடு ஓட்டிப் பாருங்கள். உடை மாற்ற எவ்வளவு நேரம் போகிறது என்று கடிகாரத்தில் பார்த்து எழுதுங்கள். அந்த எண்ணைப் பார்த்து அறிவிப்பாளர் எங்கே பேச்சை நீட்ட வேண்டும் என்று சொல்லிவிடலாம். சனிக்கிழமை மண்டபத் திறப்பு யாரிடம் இருக்கும் என்பதை வெள்ளியே காவலாளியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.