தூரி நிற்கும், மூலக்கூறு நிற்காது

"ஆட்டாம விட்டா தூரி நின்னு போகுது, ஆற்றல் சுழி. குவாண்டம் அலையியற்றிக்கு மட்டும் ஏனுங்க ½ħω மிச்சம் நிக்குது?"

தூரி நிற்கையில் இடம் நடுவில், உந்தமும் சுழி. குவாண்டத்தில் இரண்டும் ஒருசேர அமையாதுங்க. துகளை நடுவில் நெருக்கினால் உந்தப் பரவல் கூடி இயக்க ஆற்றல் ஏறும். பரவ விட்டால் நிலை ஆற்றல் ஏறும். Δx·Δp ≥ ħ/2 வரம்புக்குள் இவற்றின் கூட்டுத்தொகையை எவ்வளவு குறைத்தாலும் ½ħω-இல் நின்றுவிடும். அதற்கு மேல் சம இடைவெளிப் படிகள்:

Eₙ = (n + ½)ħω

n = 0 முதல் எண்ண வேண்டும்; 1 என்று தொடங்கினால் அடிநிலையே 1½ħω ஆகிவிடும், பலர் தவறுவது இங்கேதான்.

2 மீட்டர் தூரி நொடிக்கு சுமார் 0.35 முறை ஆடும். ஒரு படி 2.3×10⁻³⁴ J. ஆடும் குழந்தையின் ஆற்றலோ பத்துக்கணக்கான ஜூல். படிகள் கண்ணுக்குத் தெரியாமல் ஒன்றோடொன்று இழைந்துவிடும்.

HCl மூலக்கூறின் பிணைப்பும் ஓர் அலையியற்றிதான்; அதில் ஒரு படி சுமார் 0.36 eV, அடிநிலை 0.18 eV. அறை வெப்பத்தில் கிடைக்கும் வெப்ப ஆற்றலின் அளவான kT வெறும் 0.025 eV. எனவே ஏறக்குறைய எல்லா மூலக்கூறும் n = 0-இல்தான். சராசரி அதிர்வாற்றல் kT என்ற பழைய கணக்கு இங்கே பொய்க்கிறது.

அந்த மிச்சத்தை அளக்கவும் முடியும். ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் வைத்தால் விசை மாறாது, நிறை கூடி ω குறையும். அடிநிலை சுமார் 0.05 eV இறங்கும். அதனால் DCl பிணைப்பை உடைக்க அவ்வளவு ஆற்றல் கூடுதலாக வேண்டும். சுழிப்புள்ளி ஆற்றல் எனும் இந்த மிச்சம் இல்லையென்றால் இரண்டும் சமமாகவே இருந்திருக்கும்.