அரிசியும் முறுக்கும் ஒரே கண்டெய்னரில்: எவ்வளவு ஆர்டர் போடுவது?

கேள்வி: அண்ணை, லண்டனில கடை வச்சிருக்கிறன். தூத்துக்குடியில இருந்து 20 கிலோ அரிசி மூட்டையும் முறுக்குப் பெட்டியும் எடுக்கிறன். உயரம் கூடின 40 அடி ஹைகியூப் கண்டெய்னர்ல எத்தனை மூட்டை, எத்தனை பெட்டி போடலாம்?

பதில்: முதலில் எடை எல்லையைப் பாருங்கள் தம்பி. கண்டெய்னர் கதவில் எழுதியிருப்பது ஏறக்குறைய 26 டன்னைத் தாங்கும் என்று சொல்லும். ஆனால் பிரிட்டன் சாலையில் லாரி, டிரெய்லர், கண்டெய்னர், சரக்கு எல்லாம் சேர்ந்து 44 டன்னைத் தாண்டக் கூடாது. எந்த வண்டி வரும் என்று முன்கூட்டித் தெரியாததால் நான் சரக்குக்கு 24 டன்தான் வைப்பேன். இடம் 76 கன மீட்டர், அதாவது 76 சிபிஎம் என்றாலும் 66 சிபிஎம்தான் உருப்படியாக நிரம்பும்.

24 டன்னை 66-ஆல் வகுத்தால் ஒரு சிபிஎம்முக்கு சுமார் 364 கிலோ. இதைவிடக் கனமான சரக்கு எடையைத் தின்னும், லேசானது இடத்தைத் தின்னும். உங்கள் மூட்டை 0.027 சிபிஎம் இருந்தால் அரிசி சிபிஎம்முக்கு 740 கிலோ. முறுக்குப் பெட்டி 40, 30, 30 செ.மீ. அளவில் 5 கிலோ என்றால் 139 கிலோதான். அரிசி மட்டும் ஏற்றினால் பாதிக் கண்டெய்னரிலேயே எடை முடிந்துவிடும். முறுக்கு மட்டும் ஏற்றினால் 9 டன்னிலேயே இடம் தீர்ந்துவிடும்.

இரண்டு எல்லையும் ஒன்றாக முடியும் இடம் 18 டன் அரிசி, அதாவது 900 மூட்டை. முறுக்கு 1,150 பெட்டி. மொத்தம் 23.75 டன், 65.7 சிபிஎம்.

கேள்வி: அரிசி மட்டும் வேணும்னா 40 அடிதானே லாபம்? 20 அடியைப் போல ரெண்டு மடங்கு ஏத்தலாமே.

பதில்: இடம் இரண்டு மடங்கு என்பது சரி. எடை அப்படியில்லை. 20 அடியிலும் ஏறக்குறைய 28 டன்வரை போகலாம், 40 அடியில் அதைவிடச் சற்றுக் குறைவுதான். அரிசி மட்டும் என்றால் 20 அடியே போதும்.

கேள்வி: கணக்குல 1,150 பெட்டி வந்தும் எங்களுக்கு 1,050தான் ஏறிச்சு. மீதிப் பெட்டி குடோன்லயே கிடக்கு. ஏன் சார்?

பதில்: பெட்டி தண்ணீர் மாதிரி நிரம்பாது. உள்ளகலம் 2.35 மீட்டர். 30 செ.மீ. பக்கத்தைக் குறுக்கே வைத்தால் 7 பெட்டி, 25 செ.மீ. வீண். நீளவாக்கில் 30 வரிசை. ஓர் அடுக்கில் 210, ஐந்து அடுக்கில் உங்கள் 1,050 வந்துவிட்டது.

குறுக்கே வரும் ஏழு பத்தியில் ஐந்தை அப்படியே விட்டு, இரண்டு பத்தியை மட்டும் திருப்பி 40 செ.மீ. பக்கத்தைக் குறுக்கே வையுங்கள். அகலம் 2.30 ஆகும். திருப்பிய பத்திகளில் நீளத்துக்கு 40 பெட்டி. 150-உம் 80-உம் சேர்ந்து அடுக்குக்கு 230. ஐந்து அடுக்கில் 1,150 சரியாக வரும்.

ஆனாலும் நான் 1,100தான் ஆர்டர் போடுவேன். 30 பெட்டி 12 மீட்டர், உள்நீளம் 12.03. நிரப்பிய பெட்டி பக்கத்தில் லேசாகப் புடைக்கும். ஆளுக்கு இரண்டு மில்லி புடைத்தாலே கடைசி வரிசை கதவை மூடவிடாது.

கேள்வி: எங்களுக்கு மூட்டை மேல வச்ச பெட்டி எல்லாம் நசுங்கிப் போச்சு. மூட்டையை உள்பக்கமா மொத்தமா போட்டுட்டு, கதவுப் பக்கம் பெட்டியை வைக்கலாமா?

பதில்: வேண்டாம். எனக்கு அது நடந்தது. ஏற்றிய ஆட்கள் அரிசி முழுவதையும் முன்பாதியில் அடுக்கிவிட்டார்கள். இறங்கிய துறைமுகத்தில் வண்டிக்காரர் எடுக்க மறுத்தார். மறுபடி பிரித்து அடுக்கிய கூலி என் தலையில் விழுந்தது. நீளத்தின் எந்தப் பாதியிலும் 60 சதவீதத்துக்கு மேல் எடை சேரவிடாதீர்கள்.

அரிசியைத் தரை முழுக்கப் பரப்பினால் 86 செ.மீ. உயரம்தான் வரும். மூட்டை மேடு பள்ளமாக இருப்பதால்தான் பெட்டியின் மூலை நசுங்குகிறது. நடுவில் ப்ளைவுட் தகடு போடுங்கள். அதன்மேல் ஐந்து அடுக்கு வைத்தால் 2.36 மீட்டர், கதவின் உயரம் 2.58, இடிக்காது.

கேள்வி: நான் 3 சிபிஎம், 800 கிலோதான் அனுப்புறேன். இந்த 364 கணக்கு எனக்கும் உண்டா?

பதில்: இல்லை. பலருடைய சரக்கோடு சேர்த்து அனுப்பும்போது சிபிஎம், டன் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். உங்களுக்கு 3 என்று போடுவார்கள். லேசான பெட்டியைச் சிறிதாக்கினால் லாபம்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவர்தான் அண்ணை. மாசம் 300 மூட்டை, 180 பெட்டி போகுது. அப்ப 1,100 பெட்டி சரிதானே?

பதில்: இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், என் தவறு. 900 மூட்டை மூன்று மாதம் ஓடும், 1,100 பெட்டி ஆறு மாதத்துக்கு மேல். முறுக்கின் ஆயுள் ஆறு மாதம் என்றால், கப்பலிலேயே ஒரு மாதத்துக்கு மேல் போய்விடும். 500 பெட்டி எடுத்து, மீதி இடத்தில் துடைப்பம், கோரைப்பாய் போல லேசான, கெடாத சரக்கைப் போடுங்கள்.

கேள்வி: துடைப்பம் வருசத்துக்கு நூறுதான் போகும் அண்ணை.

பதில்: அப்படியானால் கொஞ்சம் இடம் காலியாகவே போகட்டும். அந்த இடத்துக்கான வாடகையையும், காலாவதியாகும் முறுக்கின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டு எண்ணும் உங்கள் கையில்தான் இருக்கின்றன, அனுப்பினால் சேர்ந்து பார்க்கலாம்.